கோடையில் குடித்த வெயிலைக் குளிரில் கக்கும் கடல்

கொட்பே மீன்பிடித் துறைக்கு விடியற்புறமே ஐஸ் லொறி வந்துவிடும். கட்டிகளை இறக்கி, அரைத்து, படகுகளுக்குள் கொட்டி முடிக்கும் வேலை வெயில் ஏறுவதற்குள் முடிந்தாக வேண்டும். கச்சான் வீசும் காலத்தில் ஒருநாள் அரைக்கிற மெஷின் பழுதாகி, நாலைந்து கட்டிகள் காலை முழுக்க வெயிலிலேயே கிடந்தன. அதில் ஒன்றின் மேல் அறுந்த கறுப்பு வலைநூல் ஒரு முழம் ஒட்டியிருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தேன், நூல் மேலே இல்லை. தன் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டிக்கொண்டு ஐஸுக்குள் இறங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த வெண்மையான பகுதி அவ்வளவு கரையவில்லை.

"ஐஸுக்கு வெயில் பகையில்லை தம்பி, ஊத்தைதான் பகை" என்றார் பக்கத்தில் நின்ற சம்மாட்டி ஒருவர்.

திருகோணமலையைப் பொறுத்தவரை அவர் சொன்னது பாதிதான் சரி. இங்கே ஐஸைக் கரைப்பதில் சூடான காற்றுக்கும் அடியில் கிடக்கும் சீமெந்துத் தரைக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் வட துருவக் கடலில் அவர் சொன்னது ஏறக்குறைய முழு உண்மை. அங்கே நடுக்கோடையிலும் ஐஸுக்கு மேலே உள்ள காற்று பூச்சியம் பாகையை ஒட்டியே நிற்கும். ஐஸை உருக்கும் வேலையில் பெரும்பகுதியைச் செய்வது வெயில்.

வெயில் என்றால் கொஞ்ச வெயில் இல்லை. யூன் 21ஆம் தேதியளவில் துருவத்தில் சூரியன் மறைவதேயில்லை. தாழ்வாக நின்றாலும் 24 மணி நேரமும் அடிக்கிறது. வளிமண்டலத்தின் உச்சியில் கணக்குப் பார்த்தால், அன்று ஒரு நாளில் திருகோணமலைக்கு மேல் விழும் வெயிலைவிடத் துருவத்துக்கு மேல் விழுவது கால் பங்கு அதிகம். அப்படியும் அது உறைந்து கிடப்பதற்கு, வந்த வெயிலை அது திருப்பி அனுப்பிவிடுவது ஒரு பெரிய காரணம்.

விழும் ஒளியில் எத்தனை பங்கைத் திருப்பி அனுப்புகிறது என்ற கணக்குக்குத்தான் அல்பீடோ என்று பெயர். புதிதாக விழுந்த பனி 100க்கு ஏறக்குறைய 85 பங்கைத் திருப்பிவிடும். திறந்த கடல்நீர் 7 பங்கைக்கூடத் திருப்பாது. நிலாவெளி மணலில் மத்தியானம் வெறுங்காலோடு நடக்கலாமா, பக்கத்துத் தார் ரோட்டில் நடக்கலாமா என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் பதில் சொல்லும். பனிக்கும் கடலுக்கும் உள்ள வித்தியாசம் அதைவிடவும் பெரிது.

இந்த இடத்தில் பலர் ஒரு கணக்கைத் தவற விடுகிறார்கள். 85 பங்கைத் திருப்பிய பனி ஈரமாகி, குட்டைகள் தேங்கி, 40 பங்கைத்தான் திருப்புகிறது என்று வையுங்கள். வெண்மை பாதியாகக் குறைந்தது என்றுதான் தோன்றும். ஆனால் ஐஸை உருக்குவது திரும்பிப் போகும் ஒளி அல்ல, உள்ளே தங்குகிற ஒளி. அது 15 பங்கிலிருந்து 60 பங்காகிவிட்டது, அதாவது நாலு மடங்கு. மிகவும் வெண்மையான ஒன்றில் சிறிது கறுப்புப் பட்டாலே உள்ளே போகும் வெப்பம் பல மடங்காவது இதனால்தான்.

இது வெறும் தாள் கணக்கு இல்லை. 1997 ஒக்ரோபரில் டெ குரோசிலியே என்ற கனேடிய ஐஸ் உடைக்கும் கப்பலை, அலாஸ்காவுக்கு வடக்கே போபோர்ட் கடலில் வேண்டுமென்றே உறைய விட்டார்கள். ஐஸ் இழுத்த இழுப்பில் ஓர் ஆண்டு அது மிதந்து போனது. சேபா என்று பெயரிட்ட அந்த ஆய்வில் டொன் பெரோவிச்சும் கூட்டாளிகளும் ஐஸின் மேல் 200 மீற்றர் நீளக் கோடு ஒன்றைக் குறித்துக்கொண்டு, வசந்தத்திலிருந்து இலையுதிர் காலம்வரை அதே கோட்டில் திரும்பத் திரும்ப நடந்து அல்பீடோவை அளந்தார்கள். ஏப்ரலில் உலர்ந்த பனி 80 பங்குக்கு மேல் திருப்பியது. மே முடிவில் ஒரு மழை பெய்தது. பனி ஈரமாகத் தொடங்கியது. ஈரப்பனியின் மணிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பருக்கும், பருத்த மணி ஒளியைக் கூடுதலாக விழுங்கும். அதனால் உருகத் தொடங்கிய உடனேயே, இன்னும் வெள்ளையாகத் தெரியும்போதே, அளவு 70 பங்களவுக்கு இறங்கியது. பிறகு உருகிய நீர் பள்ளங்களில் நீலக் குட்டைகளாகத் தேங்கியது. ஒவ்வொரு குட்டையும் நான் பார்த்த வலைநூல் மாதிரி தன் அடியைத் தானே தோண்டிக்கொண்டு போனது. ஓகஸ்ட் நடுவில் அந்தக் கோட்டின் சராசரி 40 பங்களவில் நின்றது.

உருகினால் கறுக்கிறது, கறுத்தால் உருகுகிறது. விளைவு திரும்பிவந்து காரணத்தையே பெருக்கும் இந்தச் சுற்றைப் பின்னூட்டம் என்கிறார்கள். அதன் வலுவைப் பார்க்க ஒரு சதுர மீற்றர் கடலை எடுப்போம். ஆர்க்டிக்கில் யூனில் முகில்களைத் தாண்டி மேற்பரப்புக்கு வரும் வெயில் இரவு பகல் சராசரியாக 250 வாட் என்று வைக்கலாம். பனி மூடியிருந்தால் உள்ளே தங்குவது 40 வாட்டுக்கும் குறைவு. ஐஸ் விலகி நீர் தெரிந்தால் 230 வாட்டுக்கும் மேல். வித்தியாசத்தைச் சுமார் 200 வாட் என்று எடுத்தால், ஒரு நாளில் சேரும் கூடுதல் வெப்பம் 50 கிலோவுக்கு மேற்பட்ட ஐஸை உருக்கப் போதும். ஒரு சதுர மீற்றரில் அது ஏறக்குறைய 6 சென்ரிமீற்றர் தடிப்பு. உண்மையில் அந்த வெப்பம் முழுதும் உடனே ஐஸில் போய் முட்டாது. பெரும்பங்கு மேல்மட்ட நீரிலேயே தங்கிவிடும். அப்படித் தங்குவதுதான் கதையின் அடுத்த பாதி.

வெயில் தங்குவது கோடையில் என்றால், கோடையில்தானே துருவம் கூடுதலாகச் சூடாக வேண்டும்? வெப்பமானியைப் பார்த்தால் அப்படி இல்லை. ஆர்க்டிக் கடல் மேல் காற்று அதிகம் சூடேறியிருப்பது இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும், சூரியன் தாழ்ந்தோ மறைந்தோ போன பிறகு. இந்த முரண் பிடிபட்டால் மீதி எல்லாம் பிடிபட்டுவிடும்.

கோடையில் ஐஸ் இருக்கும்வரை, வரும் வெப்பம் உருக்குவதற்கே செலவாகிறது. உருகும் ஐஸின் வெப்பநிலை பூச்சியத்தைத் தாண்டாது, அதை ஒட்டிய காற்றும் தாண்டாது. ஐஸ் போட்ட தேசிக்காய்த் தண்ணீர் கடைசித் துண்டு கரையும்வரை சில்லென்றே இருப்பது போலத்தான். ஐஸ் விலகிய இடத்தில் வெப்பம் கடலுக்குள் இறங்கிச் சேமிப்பாகிறது. ஒக்ரோபர் வருகிறது, சூரியன் போய்விடுகிறது, காற்று மைனஸ் இருபதை நோக்கி இறங்குகிறது. கடல்நீர் மைனஸ் 1.8 பாகையளவில் உறைய வேண்டும், ஆனால் கோடையில் சேர்த்த வெப்பத்தை வெளியேற்றாமல் அதனால் உறைய முடியாது. அதனால் கிழமைக்கணக்கில் கடல் ஆவி பறக்க அந்தக் காற்றைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. பிந்தி உறைந்த ஐஸ் மெல்லியது. மெல்லிய ஐஸ் அடியிலுள்ள கடலின் வெப்பத்தை மேலே கசியவிடும், அடுத்த கோடையில் சீக்கிரம் கரைந்தும் போகும்.

அந்த வெப்பம் மேலே போய்க் கலைந்துவிடாதா என்று கேட்கலாம். நம் ஊரில் கலைந்துவிடும். பகல் சூட்டில் காற்று மேலெழும்பி, பின்னேரம் இடிமுகிலாகத் திரண்டு, தரையின் வெப்பத்தைப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டும். அங்கிருந்து அது விண்வெளிக்குப் போவது சுலபம். துருவக் குளிர்காலம் ஐஸ்கிறீம் கடையின் மேல்மூடிப் பெட்டி மாதிரி. மூடியைத் திறந்தாலும் பாரமான குளிர்காற்று அடியிலேயே கிடக்கும், மேலே வராது. கடல் கக்கும் வெப்பம் அந்தத் தாழ்ந்த அடுக்குக்குள்ளேயே அடைபட்டு, வெப்பமானி நிற்கும் உயரத்திலேயே தங்கிவிடுகிறது.

இன்னொன்றும் சேர்கிறது. எந்தப் பொருளும் தன் வெப்பநிலைக்கு ஏற்பக் கதிர் வீசும். 30 பாகையில் உள்ள பரப்பு ஒரு பாகை கூடினால் சதுர மீற்றருக்கு 6 வாட்டுக்கு மேல் கூடுதலாக வெளியே தள்ளும். மைனஸ் 30 பாகையில் அது 3 வாட்டுக்குச் சற்றுத்தான் மேல். ஒரே அளவு கூடுதல் வெப்பத்தைத் தள்ளிவிட, குளிர்ந்த இடம் நம்மைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சூடேற வேண்டியிருக்கிறது. 2014இல் பெலிக்ஸ் பிதான், தோர்ஸ்டன் மாரிட்சன் என்ற இரு ஆய்வாளர்கள், துருவம் கூடுதலாகச் சூடாவதற்கான காரணங்களைக் கணினிக் காலநிலை மாதிரிகளில் பிரித்துப் பார்த்தபோது, வெப்பநிலை சார்ந்த இந்தக் காரணங்கள் முதலிடத்திலும் அல்பீடோ இரண்டாமிடத்திலும் வந்தன. எல்லாப் பழியையும் வெள்ளை நிறத்தின் தலையில் போடுவது சரியில்லை. ஆனால் அவை தனித்தனியாக ஓடுபவையும் அல்ல. பெட்டிக்குள் அடைபடும் வெப்பத்தில் ஒரு பகுதி, கோடையில் கறுத்த கடல் குடித்த வெயில்தான்.

விளைவு, 1979க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நாலு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது. தென் துருவம் இதில் சேராது. அந்தாட்டிக்காவைச் சுற்றிய கடலில் ஆழத்துக் குளிர்நீர் ஓயாமல் மேலே வந்து வெப்பத்தை வாங்கிக்கொண்டு போகிறது. கண்டத்தின் உள்ளே, ஐஸ் கிலோமீற்றர்க்கணக்கில் உயர்ந்து நிற்பதால், கோடையிலும் பனி உருகும் அளவுக்குச் சூடு ஏறுவதில்லை. பனி ஈரமாகாவிட்டால் இந்தச் சுற்று தொடங்கவே தொடங்காது.

தொடங்கிய சுற்று நிற்காதா என்றால், வடக்கில் அதற்கும் ஒரு தடை உண்டு. 2012 செப்ரெம்பரில் கடல் ஐஸ் 34 இலட்சம் சதுர கிலோமீற்றராகச் சுருங்கியபோது, சில ஆண்டுகளில் கோடை ஐஸ் முற்றாக முடிந்துவிடும் என்று சிலர் நாள் குறித்தார்கள். அடுத்த ஆண்டே அது 50 இலட்சத்தைத் தாண்டியது. கடல் வெப்பத்தைக் கசியவிடும் அதே மெல்லிய ஐஸ், அதே காரணத்தால் குளிர்காலத்தில் அடியில் வேகமாகவும் தடிக்கும். தடித்த ஐஸ் போர்வை மாதிரி, வெப்பம் ஏறவிடாது, வளர்ச்சியும் மெதுவாகும். அதனால் ஒரு மோசமான கோடைக்குப் பிறகு ஐஸ் கொஞ்சம் மீளும். ஆனால் மீண்டு நிற்கும் மட்டம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு கீழே போகிறது.

செய்திகளில் எப்போதும் செப்ரெம்பர் அளவைத்தான் போடுகிறார்கள், ஐஸ் அப்போதுதான் ஆகக் குறைவு என்பதால். ஆனால் அந்த மாதத்தின் பிற்பகுதியில் துருவத்தில் சூரியன் மறையப் போகிறது, திறந்து கிடக்கும் நீர் அப்போது குடிக்க அவ்வளவு வெயில் இல்லை. நான் தேடிப் பார்ப்பது யூன் மாதத்தை. சைபீரியாவிலும் வடகனடாவிலும் நிலத்துப் பனி எப்போது போனது, கடல் ஐஸில் முதல் குட்டைகள் எந்தக் கிழமையில் வந்தன என்பதை. சூரியன் உச்சத்தில் நிற்கும்போது பத்து நாள் முந்திக் கறுக்கும் ஐஸ், செப்ரெம்பரில் பத்து நாள் கூடுதலாகத் திறந்து கிடக்கும் கடலைவிட அதிக வெயிலை உள்ளே எடுத்துக்கொள்கிறது.