தந்தையை இழந்த சக ஊழியருக்கு ஓர் இரங்கல் பதிவு: முதல் வரியில் யார் பெயர்?

நிறுவனத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஒரு பதிவு வருகிறது. மேலே கறுப்புப் பட்டை, “கண்ணீர் அஞ்சலி” என்ற தலைப்பு, அதற்கடியில் நம்மோடு வேலை செய்கிறவரின் படம். அடுத்த வரியில் அவர் பெயரும் பிரிவும். அதற்குள் இடம் முடிந்து, மீதியைப் படிக்க விரலால் தொட வேண்டியிருக்கிறது. பஸ்ஸில் நின்றுகொண்டு பார்க்கிறவர் தொட மாட்டார். இறந்தது அந்த ஊழியர்தான் என்று நினைத்துக்கொண்டு நான்கு பேருக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். தந்தை இறந்த வீட்டில், மகனும் போய்விட்டாரா என்று விசாரிக்கும் அழைப்புகள் வரத் தொடங்கும்.

சேலத்தில் நூற்பாலைகளிலும் தொழிற்சாலைகளிலும் மனிதவளப் பிரிவில் வேலை பார்க்கும் எங்களுக்குள் இந்தக் குழப்பத்தைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். எழுதியவர் யாரும் அக்கறை இல்லாதவர் அல்ல. அவசரத்தில், கையில் கிடைத்த படத்தைப் போட்டிருப்பார். பெரும்பாலும் அது அடையாள அட்டைக்காக எடுத்த ஊழியரின் படம்.

அதனால் நான் முதலில் சொல்வது இதைத்தான். பதிவின் முதல் வரி இறந்தவரின் பெயரில் தொடங்க வேண்டும். அதே வரியிலேயே “தந்தை” என்ற சொல்லும் வந்துவிட வேண்டும். ஊழியரின் படம் வேண்டாம். தந்தையின் படத்தைக் குடும்பத்தார் தாங்களாகத் தந்தால் போடலாம், இல்லாவிட்டால் படமே தேவையில்லை. வெறும் எழுத்தில் வரும் இரங்கலுக்கு ஒரு குறையும் இல்லை.

எழுதுவதற்கு முன் ஒரு தொலைபேசி அழைப்பு இருக்கிறது. அது அலுவலகத்திலிருந்து போவதைவிட, அந்த ஊழியரின் மேற்பார்வையாளரோ அவரோடு ஒரே ஷிப்டில் நிற்கும் நண்பரோ பேசுவதுதான் முறை. துக்க வீட்டில் மகனையே கூப்பிட்டுக் கேட்பதும் சரியல்ல. மைத்துனர், சித்தப்பா, அண்ணன் என்று வீட்டு ஏற்பாடுகளைக் கவனிக்கும் ஒருவர் இருப்பார், அவரிடம் கேட்கலாம். முதலில் துக்கம் விசாரித்துவிட்டு, பதிவு போடலாமா, தந்தையின் பெயரை எப்படி எழுத வேண்டும், அடக்கம் எப்போது எங்கே என்று கேட்டால் போதும். அதற்கு மேல் எதுவும் கேட்க வேண்டியதில்லை. என்ன நோய், எந்த மருத்துவமனை, கடைசி நேரத்தில் என்ன நடந்தது என்பதெல்லாம் பதிவுக்குத் தேவைப்படாதவை. குடும்பம் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம், எழுதக் கூடாது.

பதிவு போடலாமா என்று கேட்பதற்குக் காரணம் உண்டு. மகள் துபாயில் இருப்பார், அவரிடம் இன்னும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊருக்கு வந்துகொண்டிருக்கும் தம்பியிடம் “அப்பாவுக்கு உடம்பு சரியில்லை” என்று மட்டும் சொல்லி வரவழைத்திருப்பார்கள். அவர் ரயிலில் உட்கார்ந்தபடி அண்ணனின் நிறுவனப் பக்கத்தில் செய்தியைப் பார்க்கும்படி நாம் செய்துவிடக் கூடாது. “மாலை வரை பொறுங்கள்” என்று சொன்னால் பொறுக்க வேண்டியதுதான். இஸ்லாமியக் குடும்பங்களில் நல்லடக்கத்தைத் தாமதிக்க மாட்டார்கள், பல நேரங்களில் அன்றே முடிந்துவிடும். அங்கே நேரத்தைப் பணியாளர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டியிருக்கும், பொதுப் பக்கத்தில் பதிவு பிறகு வரலாம். இரண்டும் ஒரே வேலை அல்ல.

பெயரைக் கேட்பதும் சம்பிரதாயத்துக்காக அல்ல. ஊழியரின் இனிஷியலை வைத்துத் தந்தையின் பெயரை ஊகிக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு பஞ்சாலையில் ஒரே பெயருடைய இரண்டு பேர் இருந்தார்கள். பதிவேட்டில் தவறான ஆளின் விவரத்தை எடுத்து, உயிரோடு இருந்த ஒரு பெரியவரின் பெயரில் அஞ்சலி வந்துவிட்டது. மாலையோடு போன இரண்டு பேரை அவரே வாசலில் வரவேற்றார். பிரிவு, ஷிப்ட், சொந்த ஊர் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

ஒரு பதிவு எப்படி உருவானது என்பதைச் சொல்கிறேன். பேக்கிங் பிரிவில் இருக்கும் ஒரு பணியாளரின் தந்தை, ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர், சேலத்தில் மருத்துவமனையில் இரவில் இறந்தார். விடியும்போது உடலை மலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுநாள் பிற்பகல் 3 மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். எங்களிடம் வந்த முதல் வரைவு ஒரு பக்கம் இருந்தது. “ஆற்றொணாத் துயரம்”, “ஈடு செய்ய இயலாத இழப்பு”, “பேரதிர்ச்சி” என்று வரிசையாக வந்தன. நடுவில் நிர்வாக இயக்குநரின் பெயரும் பொது மேலாளரின் பெயரும் பட்டங்களோடு இரண்டு வரிகளை எடுத்துக்கொண்டிருந்தன. இறந்தவரின் பெயர் ஒரே ஓர் இடத்தில், அதுவும் ஆறாவது வரியில்தான் இருந்தது.

பெரியவரை எங்களில் யாரும் பார்த்ததில்லை. பார்க்காதவரின் மறைவைப் பேரதிர்ச்சி என்று நிறுவனம் சொன்னால், அதைப் படிக்கும் மகனுக்கே அது வெறும் சொல் என்று தெரியும். எனவே அவற்றை எடுத்துவிட்டோம். “ஆன்மா சாந்தியடைய இறைவனைப் பிரார்த்திக்கிறோம்” என்ற வரியையும் எடுத்தோம். அது எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. கிறிஸ்தவக் குடும்பங்களிலும் இஸ்லாமியக் குடும்பங்களிலும் அவரவருக்கென்று சொல்முறை உண்டு. 1944இல் நீதிக்கட்சி மாநாட்டில் திராவிடர் கழகம் என்று பெயர் சூட்டப்பட்ட ஊர் இது. எனக்குச் சடங்கும் வேண்டாம், பிரார்த்தனையும் வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போகும் பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். குடும்பம் தன் வழக்கப்படி ஒரு தொடரைச் சொல்லி அதைப் போடச் சொன்னால் அப்படியே போடலாம். நாமாக எழுதும்போது “காலமானார்” எந்த வீட்டையும் உறுத்தாது.

ஓர் இடத்தில் மட்டும் எனக்குக் கோபம் வந்தது. “காப்பித் தோட்டத்தில் வேலை செய்தவர் என்று போடுங்கள்” என்று மைத்துனர் மூலம் மகன் சொல்லி அனுப்பியிருந்தார். வரைவில் அது “காப்பித் துறையில் பணியாற்றியவர்” என்று மாறியிருந்தது. தொழிலாளி என்றால் கௌரவமாக இருக்காது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். காப்பிப் பழம் பறித்த கூலியில் பிள்ளைகளைப் படிக்கவைத்த மனிதர் அவர். மகன் அதைப் பெருமையோடு சொல்கிறார், அதை மங்கலாக்கும் உரிமை நமக்கு இல்லை. இறுதியில் வெளிவந்தது இப்படி இருந்தது:

“திரு. (தந்தையின் பெயர்) அவர்கள், நமது பேக்கிங் பிரிவில் பணிபுரியும் திரு. (ஊழியரின் பெயர்) அவர்களின் தந்தை, மார்ச் 12 இரவு காலமானார். அவருக்கு வயது 74. ஏற்காட்டில் காப்பித் தோட்டத் தொழிலாளியாக நெடுங்காலம் உழைத்தவர். தந்தையை இழந்து நிற்கும் (ஊழியரின் பெயர்) அவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் எங்கள் ஆழ்ந்த இரங்கல்.
பணியாளர்களும் நிர்வாகமும்”

“நேற்று இரவு” என்று எழுதாமல் தேதி போட்டதைக் கவனியுங்கள். இந்தப் பதிவு சிலர் கண்ணில் நான்கு நாள் கழித்துத்தான் படும். அப்போது “நேற்று” என்றிருந்தால், அடக்கம் முடிந்துபோன வீட்டுக்கு மாலை வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். வயதைக்கூடக் குடும்பம் சொன்னதால்தான் போட்டோம்.

இந்தப் பதிவில் அடக்க நேரம் இல்லை, வீட்டு முகவரி இல்லை, தொலைபேசி எண் இல்லை. அவை மறந்து விடுபட்டவை அல்ல. குடும்பம் முழுவதும் எந்த மணிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகும் என்பதை ஊர் பேர் தெரியாதவர்களுக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. இன்னொரு தொல்லையும் உண்டு. இரங்கல் பதிவுகளின் கீழ், இறுதிச் சடங்கை நேரலையில் பார்க்கலாம் என்று ஏதோ ஓர் இணைப்பைப் போட்டு, வங்கி அட்டை விவரம் கேட்கும் மோசடிக்காரர்கள் வருகிறார்கள். குடும்பத்துக்கு உதவி நிதி திரட்டுவதாகச் சொல்லி எண் கொடுப்பவர்களும் உண்டு. அதனால் பதிவு போட்டவர் அன்றும் மறுநாளும் கருத்துகளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பார்க்க ஆள் இல்லையென்றால் கருத்துப் பகுதியைக் கட்டுப்படுத்திவிடுவது நல்லது.

நேரமும் வழியும் பணியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் தனியாகப் போயின. அங்கே விவரம் எவ்வளவுக்கெவ்வளவு தெளிவாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. முதல் ஷிப்ட் 2 மணிக்கு முடிகிறது. சேலத்திலிருந்து ஏற்காடு சுமார் 30 கிலோமீட்டர்தான் என்றாலும், 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அதற்கு மேல் நாகலூர்ப் பக்கம் போக வேண்டும். 2 மணிக்குக் கிளம்பினால் 3 மணி அடக்கத்துக்குப் போய்ச் சேர முடியாது. அதனால் “வேன் ஆலை வாசலிலிருந்து 12 மணிக்குப் புறப்படும், இருட்டுவதற்குள் மலையிலிருந்து இறங்கிவிடும், வருகிறவர்கள் மேற்பார்வையாளரிடம் பெயர் கொடுக்கவும்” என்று எழுதினோம்.

அன்று பக்கத்தில் தானாக வெளியாகும்படி முன்கூட்டியே நேரம் குறித்துவைத்த பதிவுகளையும் நிறுத்திவைக்க வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரங்கலுக்கு ஒரு மணி நேரம் கழித்து, விளையாட்டு விழாவில் கோப்பையோடு சிரிக்கும் படங்கள் அதற்கு மேலே வந்து நின்றால், கீழே எழுதிய எதற்கும் மதிப்பில்லை.

நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. மேலாளரின் தந்தைக்கு ஒரு வடிவம், கேன்டீனில் பாத்திரம் கழுவும் ஒப்பந்தத் தொழிலாளியின் தந்தைக்கு வேறு வடிவம் என்று இருக்கக் கூடாது. மேலாளருக்கு மலர்வளையப் படமும் பத்து வரியும் வந்து, அடுத்த வாரம் கேன்டீன் அம்மாவின் தந்தை இறந்தபோது ஒன்றும் வராமல் போனால், அதை ஆலை முழுவதும் கவனிக்கும். யாரும் வாய் திறந்து கேட்க மாட்டார்கள், அந்த அம்மா நிச்சயம் கேட்க மாட்டார். மேலே தந்த ஐந்து வரி அளவை எல்லோருக்கும் வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் எழவே எழாது. ஒப்பந்தத் தொழிலாளர்களின் வீட்டுச் செய்தி அலுவலகத்துக்குத் தானாக வந்து சேராது என்பதால், ஒப்பந்ததாரரிடம் இதை முன்பே சொல்லிவைக்க வேண்டும்.

காரியம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய பிறகு, பதிவு அப்படியே இருக்கட்டுமா என்று மேற்பார்வையாளர் ஒருமுறை கேட்கலாம். சிலர் அப்பாவின் பெயர் அங்கே இருக்கட்டும் என்பார்கள். சிலருக்கு ஒவ்வொரு முறை பக்கத்தைத் திறக்கும்போதும் அது கண்ணில் படுவது தாங்காது. எடுத்துவிடுங்கள் என்று சொன்னால், காரணம் கேட்காமல் அன்றே எடுத்துவிட வேண்டும்.