தொட்டில் பக்கத்தில் பழைய போன்: சத்தம் வராவிட்டால் பிள்ளை தூங்குகிறது என்று நம்பலாமா?

பாளையங்கோட்டையில் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். "அண்ணாச்சி, வீட்ல பழைய போன் ஒண்ணு சும்மா கெடக்கு. அத பிள்ள தூங்குற ரூம்ல வச்சு, அழுதா அடுக்களையில கேக்குற மாதிரி பண்ணித் தாங்க" என்று வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். செய்து கொடுக்கிறேன். கதவைச் சாத்தி ஏசி போட்ட மாடி அறையில் பிள்ளை அழுதால் கீழே மிக்சி ஓடும் அடுக்களைக்குக் கேட்காதுதான். ஆனால் செய்து கொடுக்கும்போது ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். பிள்ளை தூங்கினாலும் இதில் சத்தம் வராது, போன் செத்துப்போனாலும் சத்தம் வராது. இந்த இரண்டையும் பிரித்தறிய வழி இல்லாமல் இதை நம்பக் கூடாது.

வண்ணார்பேட்டையில் ஒரு வீடு. பிள்ளைக்கு ஐந்து மாதம், மாடி அறையில் சேலைத் தொட்டில். அவர்களே ஒரு ஆப் போட்டு, பழைய போனை மாடியிலும் அம்மாவின் போனைக் கீழேயும் வைத்திருந்தார்கள். ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "பிள்ள ரொம்ப நேரமா அழுதே, யாரும் பாக்கலயா?" என்று ஆச்சியிடம் கேட்ட பிறகுதான் ஓடியிருக்கிறார்கள். கீழே இருந்த போனில் அப்போதும் "Connected" என்றுதான் இருந்ததாம்.

கடைக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு போனையும் இணைத்து, பழைய போன் பக்கத்தில் ரேடியோவைப் பாட விட்டேன். நன்றாகக் கேட்டது. பழைய போனின் திரை அணைந்து சற்று நேரம் கழித்துப் பாட்டு நின்றது, இணைப்பு மட்டும் நிற்கவில்லை. திரையைத் தட்டி ஆப்பைத் திறந்தால் பாட்டு மறுபடி வந்தது.

காரணம் இதுதான். 2018-ல் வந்த ஆண்ட்ராய்டு 9 முதல், திரைக்குப் பின்னால் ஓடும் ஆப் ஒட்டுக்கேட்கக் கூடாது என்று மைக்குக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த நிலையில் ஆப்புக்கு "மைக் கிடையாது" என்று பிழைச் செய்தி போவதில்லை, வெறும் நிசப்தம் போகிறது. ஆப் அந்த நிசப்தத்தை ஒழுங்காகக் கீழே அனுப்பிக்கொண்டே இருக்கும். இணைப்பு அறுந்தால் அலாரம் அடிக்கும் ஆப்பாக இருந்தாலும் இங்கே அடிக்காது, ஏனென்றால் எதுவும் அறுந்துபோகவில்லை.

அந்த வீட்டுக்குச் செய்தது இரண்டு வேலை. செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரிப் பக்கத்துக்குப் போய் "Unrestricted" என்று வைத்தேன். பிறகு, திரை மங்கலாக எரிந்துகொண்டே, ஆப் முன்னாலேயே நிற்கும்படி மாற்றினேன். ஆண்ட்ராய்டு 12 அல்லது அதற்கு மேல் உள்ள போனாக இருந்தால் மைக் வேலை செய்யும்போது திரையின் மேல் ஓரத்தில் பச்சை அடையாளம் தெரியும். அது இல்லையென்றால் அங்கே யாரும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை என்று அர்த்தம்.

இதற்கு மேல் நான் எல்லோரையும் செய்யச் சொல்வது ஒன்று உண்டு. டிக் டிக் என்று சத்தம் போடும் மலிவான பேட்டரிக் கடிகாரம் ஒன்றை மாடிப் போனின் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். கீழே அந்த டிக் டிக் கேட்கும்வரை மைக், ஆப், வைஃபை, ஸ்பீக்கர் எல்லாம் உயிரோடு இருக்கின்றன. டிக் டிக் நின்றால் மாடிக்கு ஏற வேண்டும். ஃபேன் சத்தத்தை நம்பலாமே என்று கேட்பார்கள். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் கரண்ட் போனால் ஃபேனும் நிற்கும், கடிகாரம் நிற்காது.

இது வேலை செய்ய வேண்டுமானால், சத்தம் ஓர் அளவைத் தாண்டினால் மட்டும் அனுப்பும் வசதியை ஆப்பில் அணைத்துவிட வேண்டும். பின்னணி இரைச்சலை வடிகட்டும் வசதியையும் அணைக்க வேண்டும். வாட்ஸ்அப் காலைப் போட்டுவிட்டு அதையே கருவியாக வைத்துக்கொள்வதை நான் வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுதான் காரணம். போன் பேச்சு என்பது வாய்க்கு அருகில் வரும் குரலுக்காகச் செய்யப்பட்டது. ஃபேன் இரைச்சலை வெட்டும்போது, எட்ட இருந்து வரும் மெல்லிய சிணுங்கலையும் சேர்த்து அமுக்கிவிடலாம். இன்டர்நெட் அறுந்தால் காலும் முடிந்துவிடும்.

கரண்ட் விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் ஆனி, ஆடிக் காற்றில் கம்பி உரசிக் கரண்ட் போவது பழகிப்போன ஒன்று. இன்வெர்ட்டர் லைட்டுக்கும் ஃபேனுக்கும்தான் போட்டிருப்பார்கள், வைஃபை ரவுட்டர் அதில் இருக்காது. இரண்டு போனிலும் சார்ஜ் இருந்தும் நடுவில் பாலம் உடைந்துவிடும். ரவுட்டரை இன்வெர்ட்டர் லைனுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால், இன்டர்நெட் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும் ஆப்பைப் போட்டு, அம்மா போனின் ஹாட்ஸ்பாட்டில் பழைய போனை இணையுங்கள். ஹாட்ஸ்பாட்டை 2.4 கிகாஹெர்ட்ஸில் வைத்தால் சுவர் தாண்டி ஓரளவு போகும், 5-ல் வைத்தால் சீக்கிரம் திணறும். அமைத்த அன்றைக்கே மெயினை அணைத்து, கீழே என்ன நடக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

அம்மாவின் போனுக்குக் கால் வந்தால் என்ன ஆகும் என்பதையும் அன்றைக்கே பார்க்க வேண்டும். பல போன்களில் பேசி முடிக்கும்வரை மாடிச் சத்தம் கேட்காது. சிலவற்றில் பேசி முடித்த பிறகும் திரும்ப வராது. பழைய போனில் சிம் வேண்டாம்.

இனி பேட்டரி. பழைய போனை நாள் முழுக்கச் சார்ஜரில் வைத்தால், நம் சித்திரை வெயிலில் அறைச் சூடும் சேர்ந்து பேட்டரி உப்பிவிடலாம். போனை மேஜை மேல் மல்லாக்கப் போட்டுச் சுழற்றிப் பாருங்கள். உப்பின போன் நடுவில் புடைத்திருப்பதால் பம்பரம் போலச் சுற்றும், ஓரத்தில் திரை லேசாகத் தூக்கியிருக்கும். அதைச் சார்ஜில் போடவே கூடாது, அழுத்தி மூடவும் கூடாது. நன்றாக உள்ள போனையும் கவரைக் கழற்றி, மரப்பலகை மேல் வையுங்கள். மெத்தை, தலையணை பக்கம் ஆகாது. சார்ஜர் வயர் தொட்டிலுக்கு மூன்றடிக்குள் வரக் கூடாது, கழுத்தில் சுற்றிக்கொள்ளும். தொட்டில் கம்பில் போனைத் தொங்க விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

எல்லாம் சரியாக அமைந்தாலும் இந்தப் போனுக்கு அழுகை மட்டும்தான் தெரியும். மூச்சு முட்டும் பிள்ளையால் அழ முடியாது. தொட்டில் சேலை முகத்தில் மூடினாலோ, பால் புரையேறினாலோ அடுக்களைக்கு எந்தச் சத்தமும் வராமல் போகலாம். குறைமாதத்தில் பிறந்து ஆஸ்பத்திரியில் தனிக் கவனிப்பில் இருந்து வந்த பிள்ளைக்கு இதைக் கேட்டு வந்தால், அமைத்துத் தரும் முன் டாக்டரிடம் பேசிவிட்டு வரச் சொல்கிறேன். அதே போல, நெட் வழியாகக் கேட்கிறதே என்று தெருமுனைக் கடைக்குப் போய்விடாதீர்கள். அங்கே அழுகை கேட்டு என்ன பயன், கேட்டவுடன் ஏறிப் போய்த் தூக்க ஆள் வீட்டுக்குள் இருக்க வேண்டும்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வரும் அம்மாவிடமும், அந்த அறையில் தங்கும் விருந்தாளியிடமும் இங்கே மைக் ஓடுகிறது என்று சொல்லிவிடுங்கள். அனுமதி இல்லாமல் ஒருவர் பேச்சைக் கேட்கும் வேலைக்கு நான் போன் அமைத்துத் தருவதில்லை. பழைய போனுக்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்பதால், முழுக்க அழித்து ரீசெட் செய்து, பேங்க் ஆப், ஜிமெயில் எதுவும் இல்லாமல், கேட்கும் ஆப் ஒன்றை மட்டும் போட்டு, அதற்குப் புதிய பாஸ்வேர்டு வைத்தே கொடுக்கிறேன்.