கோண்டுவானா

டெல்லி நிஜாமுதீனில் திருக்குறள் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருப்பவர்கள் ‘கோண்ட்வானா எக்ஸ்பிரஸ்’ என்ற அறிவிப்பைக் கேட்டிருக்கலாம். சத்தீஸ்கரின் ராய்கட் வரை போகும் ரயில் அது. கோண்டு மக்களின் காடு என்பதே பெயரின் பொருள். அவர்களின் கோண்டி, தமிழுக்கு உறவுமொழி; ‘வன’ மட்டும் வடசொல்.

1872இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் மெட்லிகாட் அப்பகுதியின் பாறை அடுக்குகளுக்கு இப்பெயரை இட்டார். 1885இல் வியன்னாவின் நிலவியலாளர் எட்வர்ட் சூயஸ் அதைத் தொன்மையான தென்நிலப்பரப்பு ஒன்றுக்கே சூட்டிவிட்டார்.

காரணம் அந்த அடுக்குகளின் வரிசை. ஒடிசாவின் தால்சேரில் அடியில் இருப்பது, பெரிய கற்களும் நுண்சேறும் தாறுமாறாகக் கலந்த பாறை. ஓடும் நீர் கல்லையும் சேற்றையும் பிரித்துப் படியவைக்கும், பனியாறு பிரிக்காது. அதற்கு மேலே நிலக்கரி, அதனோடு குளோசோப்டெரிஸ் இலைப் படிவங்கள். நாக்கு வடிவ இலை, நடுவே தடித்த நரம்பு, இருபுறமும் வலைபோல் பின்னிய நரம்புகள். பெயரில் ‘பெரணி’ என்று இருந்தாலும் இது விதைத் தாவரம். அதன் விதைகள் காற்றில் பெருங்கடலைத் தாண்டக்கூடியவை அல்ல. அடியில் பனிப்பாறைப் படிவு, மேலே இந்த இலை என்ற இதே வரிசை தென்னாப்பிரிக்கா, பிரேசில், ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகாவிலும் உண்டு. 1912இல் தென்துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த ஸ்காட் குழுவினர், கடைசிவரை இழுத்துவந்த சுமார் 16 கிலோ கற்களிலும் இந்த இலை இருந்தது.

இத்தனை இருந்தும் கண்டங்கள் நகர்ந்தன என்று சூயஸ் சொல்லவில்லை. இடையிலிருந்த நிலம் கடலில் மூழ்கியது என்றே நினைத்தார். இலையை மட்டும் வைத்து அதை மறுக்கவும் முடியாது, ஏனென்றால் கண்டங்களை இணைத்து, பின் மூழ்கிய நிலப்பாலமும் அதே இலையைத் தந்திருக்கும். பாறையில் பனி கீறிய கோடுகள்தாம் இடிக்கின்றன. பிரேசிலில் பனி கிழக்கிலிருந்து, அதாவது இன்றைய அட்லாண்டிக் இருக்கும் திசையிலிருந்து, ஏறி வந்திருக்கிறது. பெரும்பனிப் பாளம் நிலத்தில்தான் உருவாகும். ஆப்பிரிக்காவைப் பக்கத்தில் ஒட்டவைத்தால் நமீபியாவிலிருந்து மேற்கே இறங்கிய பனியோடு அது பொருந்துகிறது. மூழ்கிய நிலம் அங்கே இல்லை என்பதைக் கடலடி ஆய்வுகள் 1960களில்தான் உறுதிசெய்தன.

குமரிக்கண்டத்துக்குச் சான்றாக இதைப் பகிர்பவர்கள் கவனிக்க: அந்த இலை தழைத்தது 25 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு. மனித இனத்துக்கு வயது சுமார் 3 லட்சம் ஆண்டுகள்.

தமிழில் இந்தக் கண்டத்தை எப்படி அழைப்பது? ‘கோண்டுவானாலாந்து’ என்று எழுதினால் ஆங்கில வால் ஒட்டிக்கொள்கிறது. ‘தென்பெருங்கண்டம்’ அழகுதான், ஆனால் கோண்டு மக்கள் காணாமல் போய்விடுகிறார்கள். ‘கோண்டுவானாப் பெருங்கண்டம்’ என்பதே என் தேர்வு. பாறைகளைக் குறிக்கும்போது ‘கோண்டுவானா அடுக்குகள்’.