கைப்பேசியே அட்டை இயந்திரம்: 250 ரிங்கிட் வரம்பும் மற்ற விதிகளும்

சுங்கை சிப்புட் இரவுச் சந்தையில் வடை, முறுக்கு விற்பவருக்கு அட்டை இயந்திரம் இனித் தேவையில்லை. அவர் கையிலுள்ள கைப்பேசியில், அருகில் வைத்த அட்டையைப் படிக்கும் NFC வசதி இருந்தால் போதும். ஆனால் விலை மலிவான ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவற்றில் அது இருப்பதில்லை. அவற்றின் அமைப்புகளில் NFC என்று தேடிப் பாருங்கள். அந்தச் சொல்லே வராவிட்டால் எந்தச் செயலியை நிறுவியும் பயனில்லை.

வங்கி அட்டைக்குள் மின்கலம் கிடையாது. கைப்பேசி எழுப்பும் காந்தப்புலமே அதன் சில்லுக்கு மின்சாரம் தருகிறது. அந்தப் புலம் மூன்று, நான்கு சென்டிமீட்டருக்கு மேல் எட்டாது. உயிர்பெற்ற சில்லு, இந்த ஒரு விற்பனைக்கு மட்டுமே செல்லும் மறைகுறி ஒன்றைக் கணக்கிட்டுத் தருகிறது. கைப்பேசி அதைப் பூட்டிய வடிவில் வாடிக்கையாளரின் வங்கிக்கு அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்கிறது. அட்டை எண் கைப்பேசியில் தங்குவதில்லை. நாளை கைப்பேசி தொலைந்தாலும் வாடிக்கையாளர்களின் அட்டை விவரம் அதோடு போகாது. செயலியிலுள்ள உங்கள் கணக்கை முடக்கச் சொல்லி, சேவை தருபவருக்குத் தெரிவித்தால் போதும்.

இந்தச் சேவையை வங்கியோ உரிமம் பெற்ற கட்டண நிறுவனமோதான் தர முடியும். வணிகப் பதிவு அல்லது நகராண்மைக் கழக உரிமம், அடையாள அட்டை, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைக் கேட்பார்கள். பாதுகாப்புப் பூட்டை உடைத்து மாற்றியமைத்த கைப்பேசியைச் செயலி ஏற்காது. டெவலப்பர் வசதியைத் திறந்து வைத்திருந்தாலும் பல செயலிகள் மறுத்துவிடும். பிள்ளைகள் விளையாட்டுக்காக அதைத் திறந்துவிட்டு மறந்திருப்பார்கள்; வியாபாரம் தொடங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி விதிக்கு வருவோம். மலேசியாவில் அட்டையை வைத்தெடுக்கும் முறையில் 250 ரிங்கிட் வரை பொதுவாக ரகசிய எண் கேட்கப்படாது. தீபாவளிக்கு முன் ஒருவர் 265 ரிங்கிட்டுக்கு முறுக்கும் அதிரசமும் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அட்டையை வைத்ததும் உங்கள் திரையில் எண் பலகை தோன்றும். கைப்பேசியை அவரிடம் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்; எண்ணைச் சொல்லச் சொல்லி நீங்கள் தட்டக் கூடாது. திரையில் ரகசிய எண் வாங்கும் அனுமதி இல்லாத செயலி என்றால் விற்பனை அங்கேயே நின்றுவிடும். ஆகவே பதிவு செய்யும் முன்பே இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதே மனிதர் அட்டைக்குப் பதிலாகத் தம் கைப்பேசிப் பணப்பையைக் காட்டினால், விரல் ரேகையாலோ முகத்தாலோ அவர் தம்மை உறுதி செய்துவிட்டதால் பொதுவாக எண் கேட்காது.

265-ஐ 200, 65 என்று பிரித்து இருமுறை வைக்கச் சொல்லும் தந்திரம் சந்தையில் உலவுகிறது. அது வணிகர் ஒப்பந்தத்துக்கு மாறானது; பிறகு வாடிக்கையாளர் மறுப்புத் தெரிவித்தால் பணம் திரும்பிப் போவது உங்கள் கணக்கிலிருந்துதான்.

கட்டணமும் உண்டு. ஒரு விழுக்காடு என்று ஒப்பந்தத்தில் இருந்தால் 265 ரிங்கிட்டுக்கு 2 ரிங்கிட் 65 சென் கழித்துக்கொண்டு மீதியைப் பொதுவாக அடுத்த வேலை நாளில் கணக்கில் சேர்ப்பார்கள். உள்நாட்டு மைடெபிட் வழியாகப் போகும் விற்பனைக்கு வழக்கமாகக் கட்டணம் குறைவு. கடன் அட்டைக்கு அதிகம். இரண்டுக்கும் தனித்தனி விகிதம் கேளுங்கள். அந்தக் கழிவை வாடிக்கையாளர் தலையில் கூடுதல் விலையாக ஏற்றவும் ஒப்பந்தம் இடம் தராது.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். சாரா உதவித்தொகைக்காக மைகாட்டை நீட்டுபவர்கள் வருவார்கள். அந்தத் தொகையைப் பதிவு பெற்ற கடைகளில் தனி முறை வழியாகத்தான் செலவிட முடியும். இந்தச் செயலி அதைப் படிக்காது.

தோட்டப்புறத்தில் அதிகம் தொல்லை தருவது அலைவரிசைதான். அட்டையை வைத்ததும் வரும் 'பீப்' ஒலி, சில்லு படிக்கப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும். பணம் வந்துவிட்டது என்று பொருளல்ல. வங்கியின் ஒப்புதல் திரையில் எழுத்தாக வர வேண்டும். மழை பிடித்து இணையம் தடுமாறும் இரவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்து விற்பனை காலாவதியாகலாம். உடனே மறுபடி வைக்கச் சொல்லாதீர்கள். செயலியின் விற்பனைப் பட்டியலைத் திறந்து அந்தத் தொகை ஏற்கப்பட்டதா என்று பாருங்கள். வாடிக்கையாளருக்கு மட்டும் தொகை பிடிக்கப்பட்டதாகச் செய்தி வந்து, உங்கள் பட்டியலில் இல்லையென்றால், நேரத்தையும் தொகையையும் குறித்துக்கொண்டு சேவை நிறுவனத்தை அழைக்க வேண்டும். அப்படிப் பிடித்த தொகை பெரும்பாலும் தானாகவே விடுவிக்கப்படும். ஒலியே வராவிட்டால் கோளாறு வேறு: உலோக உறையையோ காந்த வளையத்தையோ கழற்றிவிட்டு, பின்புறத்தின் மேல்பகுதியிலிருந்து அட்டையை மெல்ல நகர்த்திப் பாருங்கள். அலைவாங்கி இருக்கும் இடம் கைப்பேசிக்குக் கைப்பேசி மாறும். கண்டுபிடித்த இடத்தில் சிறிய ஒட்டுச்சீட்டு ஒன்றை ஒட்டி வைத்தால், கூட்ட நேரத்தில் வாடிக்கையாளரே சரியாக வைத்துவிடுவார்.