"சீ பிலோ" எண்டு மெயில் வந்து கீழ ஒண்டுமே இல்லாட்டி என்ன பதில் போடுறது

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்துச் சின்ன ஒபிஸ்கள், சங்கங்கள், பள்ளிக்கூடங்களுக்கு கொம்பியூட்டர் வேலை செய்து குடுக்கிறதுதான் என்ர தொழில். பிரிண்டர் வேலை செய்யேல்ல, பாஸ்வேர்ட் மறந்துபோச்சு எண்டு கூப்பிடுற ஆக்களுக்கு அடுத்தபடியா கனபேர் போனைக் கொண்டுவந்து காட்டுற விசயம் ஒண்டு இருக்கு. கொழும்பில இருந்து ஒரு மெயில் வந்திருக்கும், "ப்ளீஸ் சீ பிலோ" எண்டு ஒரு வரி, அதுக்குக் கீழ அனுப்பினவரின்ர பெயர், அவ்வளவுதான். என்னத்தைப் பாக்கச் சொல்லுறார் எண்டு தெரியாது, கேக்கவும் கூச்சம், பெரிய இடத்துக்காரர், எங்களுக்குத்தான் மெயில் பாக்கத் தெரியேல்லயாக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு "ஓகே சேர், நன்றி" எண்டு போட்டு விடுகினம். அந்த ஓகே-தான் பிரச்சினை, அதுக்காகத்தான் இதை எழுதுறன்.

அண்மையில நடந்த ஒண்டைச் சொல்லுறன். மாங்குளத்துக்கு உள்பக்கம் ஒரு மாதர் சங்கம், தோட்டத்துக்குத் தண்ணி இறைக்க மோட்டர் வாங்க ஒரு நிறுவனம் உதவி செய்யுது. செயலாளர் அக்காவுக்கு நிறுவனத்து உத்தியோகத்தரிட்ட இருந்து மெயில்: கீழே பாருங்கோ, வெள்ளிக்கிழமைக்கு முதல் உறுதிப்படுத்துங்கோ. கீழ ஒண்டும் இல்லை. அக்கா கன்பேர்ம் எண்டு அடிச்சு வச்சிட்டு, அனுப்பமுதல் ஒருக்காப் பாருங்கோ தம்பி எண்டு தந்தவ. நல்லகாலம் அனுப்பேல்ல.

இப்பிடி வந்தால் முதல் பாக்கவேண்டியது, உண்மையாவே ஒண்டும் இல்லையா, இல்லாட்டி இருக்கிறதை எங்கட போன் ஒளிச்சு வச்சிருக்கா எண்டதுதான். ஜிமெயில், பழைய கடிதம் திரும்பவும் கீழ ஒட்டி வந்தால் அதை மடிச்சு வச்சிடும். கொம்பியூட்டரில எண்டால் கடிதத்தின்ர அடியில மூண்டு புள்ளி போட்ட சின்னப் பெட்டி மாதிரி ஒண்டு இருக்கும், அதை அமத்தினால் விரியும். போனில `Show quoted text` எண்டு சின்ன எழுத்தில நிக்கும். என்னட்ட வாற கேஸ்களில கனக்க இந்த இடத்திலயே முடிஞ்சிடும், கீழ இருக்கவேண்டியது அங்கதான் கிடக்கும். அடுத்தது படம். சில பேர் எக்ஸெல் அட்டவணையைப் படமா ஒட்டி அனுப்புவினம், சிக்னல் குறைஞ்ச இடத்தில அந்தப் படம் இறங்காது, சில மெயில் செயலிகள் படத்தை எங்களிட்டக் கேட்டுத்தான் காட்டும், ஆனபடியால் வெறும் இடமாத் தெரியும். இன்னொண்டு, போனைக் கறுப்புத் திரையில வச்சிருக்கிற ஆக்களுக்கு வேற இடத்தில இருந்து கொப்பி பண்ணி ஒட்டின கறுப்பு எழுத்து சிலவேளை கறுப்புக்கு மேல கறுப்பா நிண்டு தெரியாமப் போகும். விரலை வச்சு எல்லாத்தையும் செலெக்ட் பண்ணிப் பாத்தால் எழுத்து இருந்தால் காட்டிக் குடுத்திடும்.

அக்காவின்ர போனில இது மூண்டும் பாத்தாச்சு, ஒண்டும் இல்லை. பிறகு கொம்பியூட்டரில ஜிமெயிலைத் திறந்து, அந்த மெயிலின்ர வலப்பக்கத்து மூண்டு புள்ளியை அமத்தி `Show original` எண்டதுக்குப் போனம். அது மெயில் வந்து சேர்ந்த கோலத்தை அப்பிடியே காட்டும், ஆக்கள் வாசிக்கிறதுக்கு இல்லாத கனக்க வரி இருக்கும், பயப்பிடத் தேவையில்லை, தேடவேண்டியது கொஞ்சம்தான். அக்காவுக்கு வந்ததில முக்கியமான இடம் இப்பிடி இருந்தது:

```
Subject: Re: Quotation - water pump
Content-Type: text/plain; charset="UTF-8"

Please see below and confirm before Friday.

Sent from my phone
```

இதில வாசிக்கவேண்டியது ரெண்டு விசயம். `Content-Type` எண்ட வரி ஒண்டே ஒண்டுதான் இருக்கு, அது `text/plain`, அதாவது வெறும் எழுத்து. படமும் இல்லை, இணைப்பும் இல்லை. அப்ப இந்த மெயிலோட வேற ஒண்டும் புறப்படேல்ல, எங்கட பக்கத்தில தொலையேல்ல. படம் வந்திருந்தால் `image/png` இல்லாட்டி `image/jpeg` எண்டு இன்னொரு `Content-Type` வரி நிக்கும். `winmail.dat` எண்டு ஒரு பெயர் நிண்டால் அது அவுட்லுக்கில இருந்து அதின்ர தனிப் பாணியில கட்டி அனுப்பின பொதி, கன போன்கள் அதைப் பிரிக்காது, அனுப்பினவர்தான் சாதாரண மெயிலா மாத்தி அனுப்போணும். இன்னொரு கடிதத்தையே இணைப்பா வச்சு அனுப்பியிருந்தால் `message/rfc822` எண்டு நிக்கும், அதைச் சில போன்கள் திறக்காது, கொம்பியூட்டரில திறக்கலாம். சில நேரம் எழுத்துக்குப் பதிலா கட்டுக்கட்டா விளங்காத எழுத்து வரும், அது base64, அதை நீங்கள் வாசிக்கத் தேவையில்லை, அந்த இடத்தில ஏதோ இருக்கு எண்டு தெரிஞ்சால் காணும்.

அடியில `Sent from my phone` எண்டு நிக்கிறதும் ஒரு அடையாளம். உத்தியோகத்தர் வேற ஒருத்தரின்ர கடிதத்துக்கு மேல எழுதித்தான் அக்காவுக்கு அனுப்ப நினைச்சிருக்கிறார், ஆனால் பழைய கடிதத்தைச் சேர்க்காமல் பதில் போடுற மாதிரி போனில ஒரு செட்டிங் இருந்தால் அவர் எழுதின வரி மட்டும்தான் புறப்படும். அவருக்குத் தன்ர திரையில கீழ எல்லாம் தெரிஞ்சிருக்கும், ஏனெண்டால் அவர் அந்தச் சங்கிலிக்குள்ள நிண்டு பாக்கிறார். அதனாலதான் ஆக்கள் "அனுப்பினனான், பாக்கேல்லயோ" எண்டு கோவிக்கிறது, அவர் சொல்லுறதும் பொய் இல்லை.

இப்ப பதில். "ஒண்டும் வரேல்ல" எண்டு மட்டும் போட்டால் அவர் மெயிலே வந்து சேரேல்ல எண்டு எடுத்து, அதே போனில இருந்து அதே மாதிரித் திரும்ப அனுப்புவார், திரும்பவும் வெறும் கடிதம்தான் வரும். ஆகவே வந்தது என்ன, வராதது என்ன, எந்த விதத்தில அனுப்போணும், அதுவரைக்கும் நாங்கள் எதுக்கும் சம்மதிக்கேல்ல, இந்த நாலும் இருக்கோணும். புது மெயில் தொடங்காமல் அவரின்ர மெயிலிலயே ரிப்ளை அமத்திப் போடுங்கோ, அப்பதான் தான் அனுப்பின வெறுமையை அவரே கண்ணால காணுவார். அக்கா அனுப்பினது இது:

"வணக்கம் ஐயா. தங்களின் மின்னஞ்சல் இன்று காலை 9.40க்குக் கிடைத்தது. அதில் 'கீழே பார்க்கவும், வெள்ளிக்கிழமைக்கு முன் உறுதிப்படுத்தவும்' என்ற வரி மட்டுமே உள்ளது. அதற்குக் கீழே கடிதமோ இணைப்போ இல்லை. கணினியிலும் திறந்து பார்த்தோம். தாங்கள் குறிப்பிடும் விபரத்தைத் தயவுசெய்து எழுத்தாகப் பிரதி செய்தோ PDF ஆகவோ அனுப்பவும். அதைப் பார்த்த பின்னரே சங்கத்தில் கதைத்து உறுதிப்படுத்த முடியும். வெள்ளிக்கிழமைக் காலக்கெடுவைப் பிந்திப்போட வேண்டி வந்தால் அறியத்தாருங்கள்."

கணினியிலும் பாத்தம் எண்ட வரியை நான் வேணுமெண்டே போடச் சொன்னனான். அது இல்லாட்டி "வடிவாப் பாருங்கோ" எண்டு ஒரு மெயில் வந்து அரைநாள் போயிடும். ஐயா, தயவுசெய்து எல்லாம் இருக்கட்டும், மரியாதை குறையக்கூடாது, ஆனால் எங்களுக்கு விளங்கேல்ல மன்னிச்சுக்கொள்ளுங்கோ எண்டு எழுதாதேங்கோ, விளங்காமப் போனது ஒண்டும் இல்லை, வரேல்ல. ஸ்கிரீன்ஷொட் சேர்த்தால் இன்னும் நல்லம், ஆனால் மேல வந்து நிக்கிற வங்கி மெசேஜ், வேற ஆக்களின்ர பெயர் எல்லாத்தையும் வெட்டிப்போட்டுச் சேருங்கோ.

அந்த மெயில் வேற ஆக்களுக்கும் போயிருந்தால் முதல் பதில் அனுப்பினவருக்கு மட்டும் போதும். நேரம் நெருங்கியும் அவர் பேசாமல் இருந்தால் எல்லாருக்கும் போடுங்கோ, ஏனெண்டால் அந்தப் பழைய கடிதம் அவையளில ஒருத்தரிட்டயாவது இருக்கக்கூடும்.

இவ்வளவும் தெரிஞ்ச ஆளிட்ட இருந்து, தெரிஞ்ச விசயத்தில வந்த மெயிலுக்கு. ஆளே தெரியாது, விசயமும் பொதுவா "இன்வொய்ஸ், சீ பிலோ" எண்டு இருந்தால் பதிலே போடாதேங்கோ. வெறும் மெயிலை அனுப்பி யார் திருப்பி எழுதுகினம் எண்டு பாக்கிற ஆக்கள் இருக்கினம், நீங்கள் "ஒண்டும் இல்லையே" எண்டு நல்ல மனசில எழுதினால் இந்த விலாசத்தில ஒரு ஆள் இருக்கிறார், பதில் போடுவார் எண்டு அவைக்குத் தெரிஞ்சிடும், அடுத்த மெயிலில ஒரு இணைப்பு வரும், நீங்கள்தானே கேட்டனீங்கள், திறப்பியள். பெயர் தெரிஞ்ச பெயராவும் விலாசம் வேறயாவும் இருந்தால் இன்னும் கவனம். போனில பெயர் மட்டும்தான் பெரிசாத் தெரியும், பெயரை அமத்தி முழு விலாசத்தையும் எழுத்து எழுத்தா வாசியுங்கோ, `@` குறிக்குப் பிறகு வாறது அந்த நிறுவனத்தின்ர வழமையான பெயர்தானோ எண்டு பழைய மெயிலோட ஒப்பிடுங்கோ. சந்தேகம் எண்டால் உங்களிட்ட ஏற்கனவே இருக்கிற நம்பருக்கு எடுத்துக் கேளுங்கோ, அந்த மெயிலில எழுதியிருக்கிற நம்பருக்கு வேண்டாம்.

வட்ஸ்அப்பில இதே பிரச்சினை வந்தால் லேசு, அனுப்பின ஆளுக்கு வொய்ஸ் போட்டுக் கேக்கலாம். ஆனால் காசு, சாமான், திகதி சம்பந்தப்பட்டதெண்டால் அதுக்குப் பிறகும் எழுத்தில வாங்கி வையுங்கோ.

மாங்குளத்து அக்காவுக்கு அண்டைக்குப் பின்னேரமே திரும்ப வந்தது. இந்த முறை கீழ கடைக்காரரின்ர கடிதம் முழுக்க இருந்தது. முதல் கேட்ட 2 இஞ்சி மோட்டர் கையில இல்லை, ஒண்டரை இஞ்சி தரலாம், விலை அதேதான், வவுனியாவில இருந்து ஏத்திவாற கூலி சங்கம் குடுக்கோணும். முதல் வந்த வெறும் மெயிலுக்கு கன்பேர்ம் எண்டு போயிருந்தால் இது அவ்வளவுக்கும் சங்கம் ஓம் எண்டு சொன்ன கணக்கு, பிறகு நாங்கள் அதைக் காணவே இல்லை எண்டு சொல்லி ஆரையும் நம்பவைக்க ஏலாது, ஏனெண்டால் உத்தியோகத்தரின்ர திரையில அந்தக் கடிதம் இருந்தது.

சங்கத்தில ஆக்கள் கூடிக் கதைச்சிச்சினம். கிணறு ஆழம், ஒண்டரை இஞ்சி வேண்டாம் எண்டு முடிவு. பதிலை வெறும் ஓம், இல்லை எண்டு எழுதாமல் எதுக்கு ஓம், எதுக்கு இல்லை எண்டு எழுதச் சொன்னன்: "2 இஞ்சி மோட்டர் வரும்வரை காத்திருக்கச் சம்மதம். ஒன்றரை இஞ்சி மோட்டருக்கும் ஏற்றுக்கூலிக்கும் சம்மதம் இல்லை." கீழ கடைக்காரரின்ர கடிதம் ஒட்டி இருக்குதோ எண்டு மூண்டு புள்ளியை அமத்திப் பாத்திட்டுத்தான் அக்கா அனுப்பினவ.