பைலா: ஊர் விதியா, துணைவிதியா?

நகரச் சங்கப் பொதுக்குழுவில் 'பைலாவில் என்ன இருக்கு?' என்று கேட்காத ஆண்டு இல்லை. சொல் ஆங்கிலத்தின் வழியாக வந்தது. அதன் முன்பாதியான 'பை' பழைய வட ஐரோப்பிய மொழியில் ஊரைக் குறிக்கும் சொல் என்பதே பெரும்பாலோர் கருத்து. அப்படிப் பார்த்தால் பைலா என்பது ஊர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட கட்டு. பிற்காலத்தில் 'பக்கத்தில் நிற்பது, துணையானது' என்று பொருள் திரிந்தது. அந்தப் பொருளைப் பிடித்துத்தான் தமிழில் உபவிதி என்றார்கள், பிறகு துணைவிதி என்றார்கள். கூட்டுறவுச் சங்கங்களில் துணைவிதி நன்றாகவே வேரூன்றிவிட்டது. நகரத்தார் ஊர்களுக்கு 'நகர விதி' இன்னும் பொருந்தும் என்பது என் கட்சி. ஆனால் பதிவுக்குப் போகும் தாளில் துணைவிதி என்றே எழுதுங்கள்.

துணைவிதிக்குள் இருக்கும் அடுக்குகளுக்கும் பெயர் உண்டு. முழு எண் பெறுவது விதி. அதன் கீழே கூறு, அதற்கும் கீழே உட்கூறு. 'ஆனால்' என்று தொடங்கி முன்சொன்னதற்கு எல்லை கட்டும் வாக்கியம் வரம்புரை. கூறைப் 'பாயிண்ட்' என்பதைத் தமிழாக்கிப் 'புள்ளி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. செட்டிநாட்டில் அது ஆகாது. இங்கே புள்ளி என்றால் திருமணமாகி வரிக்கணக்கில் சேர்ந்த குடும்பம். '6ஆம் புள்ளி' என்றால் ஆளைத் தேடுவார்கள்.

இந்த அடுக்குகள் தெரிந்தால்தான் சுருக்கத்தை மறுபடி விதியாக்க முடியும். உறுப்பினருக்குச் சுற்றுக்கு விட்ட சுருக்கம் ஒன்று இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"சந்தா புள்ளிக்கு ஆண்டுக்கு 500 ரூபாய், ஜூன் 30க்குள் கட்டவேண்டும். கட்டாதவர் வாக்களிக்க முடியாது, ஆனால் கூட்டத்தில் பேசலாம். தொடர்ந்து 3 ஆண்டு கட்டாதவரை 21 நாள் அறிவிப்புக் கொடுத்துச் செயற்குழு நீக்கலாம். மேற்படி முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் பொதுக்குழுவில் முறையிடலாம்."

முதலில் எண் போடாதீர்கள். ஒரு கடமை, ஒரு தடை, ஒரு அதிகாரம், ஒரு உரிமை என்று பென்சிலால் வெட்டிக்கொள்ளுங்கள். இங்கே நான்கு இருக்கின்றன, ஆகவே நான்கு கூறுகள்:

6. சந்தா
6(1) ஒவ்வொரு புள்ளியும் ஆண்டுச் சந்தா 500 ரூபாயை ஜூன் 30க்குள் செலுத்தவேண்டும்.
6(2) 6(1)இன்படி செலுத்தாதவர் வாக்களிக்க முடியாது. ஆனால், அவர் கூட்டத்தில் பேசலாம்.
6(3) செயற்குழு ஒருவரை நீக்குவதற்கு,
(அ) அவர் 6(1)இன்படியான சந்தாவைத் தொடர்ந்து 3 ஆண்டு செலுத்தாதிருக்கவும் வேண்டும்;
(ஆ) அவருக்கு 21 நாள் அறிவிப்புக் கொடுத்திருக்கவும் வேண்டும்.
6(4) 6(3)இன் கீழ் எடுத்த முடிவை எதிர்த்து, 30 நாளுக்குள் பொதுக்குழுவில் முறையிடலாம்.

வரம்புரைக்குத் தனி எண் கொடுக்கவில்லை, கவனியுங்கள். அதை 6(3) ஆக்கினால் பேசும் உரிமை தனியே நிற்கும், யாருக்கு என்பதே தொலைந்துபோகும். அடுத்து (அ), (ஆ) இரண்டிலும் உள்ள 'உம்'. அதை விட்டால், இரண்டும் சேரவேண்டுமா ஒன்று போதுமா என்ற வழக்கு வரும்.

எல்லாவற்றையும்விடக் கெடுதல் செய்வது 'மேற்படி'. பத்தியாக இருக்கும்வரை அது பக்கத்து வாக்கியத்தைக் காட்டும். எண் போட்டு, நடுவில் ஒரு கூறு நுழைந்ததும் வேறெதையோ காட்டும். இந்தச் சுருக்கத்திலேயே 'மேற்படி முடிவு' வாக்குரிமை மறுத்ததையும் சேர்க்குமா என்று ஒருவர் கேட்கலாம். மறுத்தது விதி, முடிவு எடுத்தது செயற்குழு. ஆகவே அது 6(3)ஐ மட்டுமே சுட்டுகிறது. இப்படி ஒவ்வொரு மேற்படிக்கும் விடை கண்டு எண்ணாக மாற்றவேண்டும். விடை கிடைக்காத இடத்தில் [மூலம் பார்க்க] என்று எழுதி வையுங்கள். அறிவிப்பு யார் கையெழுத்தில், தபாலிலா நேரிலா என்பதைச் சுருக்கம் சொல்லவில்லை. ஊகித்து எழுதினால் புது விதி செய்ததாகிவிடும்.

சுருக்கம் எங்காவது '9ஆம் விதிப்படி' என்றால் அது பதிவான மூலத்தின் எண்ணா, சுருக்கத்தின் எண்ணா என்று பாருங்கள். மூல எண் இருந்தால் அதையே வையுங்கள். பின்னால் ஒன்று சேர்ந்தால் 6-அ என்று போடுங்கள், 7ஐ 8 ஆக்காதீர்கள். மூலம் ஆங்கிலமானால் அதன் மூன்றாம் எழுத்துக்கு (இ), நான்காவதுக்கு (ஈ) வரும். இரண்டும் இடம் மாறிவிடாமல் இருக்கச் சரிபார்க்கும்போது வாய்விட்டுப் படிப்பது நல்லது.

வேர்டில் செய்கிறவர்கள் எண்ணைக் கையால் தட்டாமல், பல அடுக்குப் பட்டியலாகப் போட்டு, Cross-reference பெட்டியில் Paragraph number (full context) தேர்ந்தெடுத்தால் 6(3) முழுசாக வரும். முடிந்ததும் Ctrl+A, F9. "Error! Reference source not found." என்று எங்காவது வந்தால், அது சுட்டிய கூறை யாரோ அழித்துவிட்டார்கள் என்று பொருள்.

அடுக்கிய தாள் படிப்பதற்கு மட்டும்தான். 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவான சங்கத்தில் விதி மாறவேண்டுமானால் சிறப்புத் தீர்மானம் போட்டு, திருத்தத்தைப் பதிவாளரிடம் பதியவேண்டும்.