பெஸ்ட் ஃபைவ் கணக்கை யார் போடுகிறார்கள்? சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பில் எந்த மார்க்கை ஏற்றினால் லாபம்?

ரிசல்ட் வந்த அன்று மதியம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, எழுபத்தாறு பெர்சென்ட். எழுபத்தஞ்சு தாண்டிட்டேன், இனி என்ஐடிக்குப் பிரச்சினை இல்லை" என்றான். மார்க்கை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி ஒரு பழைய கரன்ட் பில்லின் பின்பக்கம் எழுதினேன். ஆங்கிலம் 78, இயற்பியல் 61, வேதியியல் 68, கணிதம் 57, கம்ப்யூட்டர் சயின்ஸ் 82, உடற்கல்வி 91. ஆறு பாடம். குறைந்தது கணிதம், அதைத் தூக்கிவிட்டு மற்ற ஐந்தையும் கூட்டினால் 380, ஐந்நூறுக்கு 76 சதவீதம். கணக்கில் தப்பில்லை. ஆனால் அந்த 76 எந்த மார்க் ஷீட்டிலும் இருக்காது, அவன் போக நினைக்கிற இடத்தில் அது செல்லவும் செல்லாது.

சிபிஎஸ்இ மொத்த சதவீதம் போடுவதே இல்லை. டிவிஷன், டிஸ்டிங்ஷன் எதுவும் கிடையாது. டிஜிலாக்கரில் இறங்கும் மார்க் ஷீட்டைத் திறந்து பாருங்கள், பாடவாரியாகத் தியரி, பிராக்டிகல், மொத்தம், கிரேடு, கீழே பாஸ் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஐந்து பாடத்துக்கு மேல் எடுத்திருந்தால் எந்த ஐந்தைச் சிறந்த ஐந்தாக எடுப்பது என்பதைச் சேர்த்துக்கொள்ளும் கல்லூரியோ வேலை கொடுப்பவரோ முடிவு செய்யலாம் என்று 2023 டிசம்பரில் போர்டே தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆக, பெஸ்ட் ஃபைவ் என்று ஒரே ஒரு கணக்கு கிடையாது. கேட்கிற இடத்துக்கு ஒரு கணக்கு.

போர்டு தன் கையால் செய்வது ஒன்று உண்டு, அதையும் பெஸ்ட் ஃபைவ் என்றே சொல்வதால்தான் பாதிக் குழப்பம். அது பாஸ், ஃபெயில் சம்பந்தப்பட்டது. ஐந்து முக்கியப் பாடங்களில் ஒன்றில் தவறிவிட்டு, ஆறாவதாக எடுத்த கூடுதல் பாடத்தில் தேறியிருந்தால், தவறியதன் இடத்தில் ஆறாவது வந்து உட்கார்ந்து மாணவர் பாஸ் ஆகிவிடுவார். மாற்றிய பிறகும் ஆங்கிலமோ இந்தியோ தேறிய மொழியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பத்தாம் வகுப்பிலும் இதே ஏற்பாடுதான், அங்கே கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மூன்றில் ஒன்று போனால் ஆறாவதாக எடுத்த ஸ்கில் பாடம் காப்பாற்றும். ஆனால் உடற்கல்வி வந்து கணிதத்தின் இடத்தை நிரப்பியதால் கணிதத்தில் தேறியதாக ஆகாது. பாஸ் என்று போட்டிருக்கும், இன்ஜினியரிங் விண்ணப்பத்தில் கணிதம் கேட்கும் இடத்தில் கையைப் பிசைய வேண்டியதுதான். இப்படிப் பாஸ் ஆனவர்கள் போன பாடத்தை ஜூலை சப்ளிமென்டரியில் திரும்ப எழுதலாம், அந்த வழி திறந்தே இருக்கிறது.

சரி, பையன் கதைக்கு வருவோம். என்ஐடி, ஐஐடி சேர்க்கையை நடத்தும் ஜோசாவின் கணக்கு வேறு. அங்கே 75 சதவீதம் (எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு 65), இல்லையென்றால் அவரவர் போர்டில் அவரவர் பிரிவின் முதல் 20 பர்சென்டைலுக்குள் இருக்க வேண்டும். அந்த 75-ஐ எந்த ஐந்து பாடத்தில் பார்ப்பது என்பதை அவர்களே கட்டிவைத்திருக்கிறார்கள். இயற்பியல், வேதியியல், கணிதம், ஒரு மொழி, மீதியுள்ளதில் அதிக மார்க் உள்ள ஏதாவது ஒரு பாடம். இரண்டு மொழி எடுத்தவருக்கு அதிகமுள்ள மொழி எடுக்கப்படும். கணிதத்தைத் தூக்கிப் போட இடமே இல்லை. அந்தப்படி கூட்டினால் 61, 68, 57, 78, 91, மொத்தம் 355. எழுபத்தொரு சதவீதம். எழுபத்தைந்துக்கு 375 வேண்டும், இருபது மார்க் குறைகிறது. போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

தமிழ்நாட்டு இன்ஜினியரிங் கலந்தாய்வு இரண்டையும் பார்ப்பதில்லை. அங்கே கட் ஆஃப் 200-க்கு, கணிதம் நூற்றுக்கு முழுதாக, இயற்பியலும் வேதியியலும் பாதி பாதி. 57, முப்பதரை, 34, மொத்தம் 121.5. ஆங்கிலத்தில் 78 எடுத்ததற்கும் உடற்கல்வியில் 91 எடுத்ததற்கும் அந்த எண்ணில் இடமில்லை.

எதை ஏற்றுவது என்ற கேள்வியில் எல்லோரும் குறைந்த மார்க்கைத்தான் முதலில் கைகாட்டுவார்கள். இவன் விஷயத்தில் பத்து மார்க் கூடினால் என்ன ஆகும் என்று மூன்று கணக்கிலும் போட்டுப் பார்த்தோம். வெறும் பெஸ்ட் ஃபைவ் கேட்கும் கல்லூரிக்குக் கணிதம் 57-லிருந்து 67 ஆனால் என்ன கிடைக்கும்? இப்போது இயற்பியலின் 61 வெளியே போய் கணிதத்தின் 67 உள்ளே வரும், ஆகவே ஆதாயம் பத்து இல்லை, ஆறுதான். 57-லிருந்து 61 வரையிலான நாலு மார்க் காற்றில் போய்விடுகிறது. அதே பத்தை இயற்பியலில் எடுத்தால் முழுதாகப் பத்தும் சேர்ந்து 390 ஆகிறது. தள்ளப்படும் பாடத்தை ஏற்றுவதில் இருக்கும் சிக்கல் இதுதான், அடுத்த குறைந்த பாடத்தைத் தாண்டும்வரை உழைப்புக்குக் கூலி இல்லை.

ஜோசா கணக்கில் கணிதத்தின் பத்தும் இயற்பியலின் பத்தும் ஒன்றுதான். அங்கே ஏமாற்றும் பாடம் கம்ப்யூட்டர் சயின்ஸ். அவனுக்குப் பிடித்த பாடம், 82-ஐ 91 ஆக்கிவிடுகிறேன் என்றான். ஒரு மார்க்கும் ஏறாது, ஏனென்றால் ஐந்தாவது இடத்தில் உடற்கல்வியின் 91 ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. உடற்கல்வியையே ஏற்றினாலும் அதிகபட்சம் ஒன்பது. தமிழ்நாட்டுக் கட் ஆஃபிலோ கணிதத்தில் பத்து ஏறினால் பத்து, இயற்பியலில் ஏறினால் ஐந்து. ஒரே உழைப்புக்கு இரட்டைக் கூலி.

அப்புறம் ஒரு பாடத்தில் இன்னும் எவ்வளவு ஏற இடமிருக்கிறது என்று பார்க்க வேண்டும், அதற்கு மொத்த மார்க் போதாது. இயற்பியல் 61 என்பது தியரியில் 33, பிராக்டிகலில் 28. பிராக்டிகல் தேறியிருந்தால், மார்க்கை ஏற்றத் திரும்ப எழுதும் இம்ப்ரூவ்மென்ட் தேர்வில் தியரி மட்டும்தான் எழுதுவீர்கள், பழைய பிராக்டிகல் மார்க் அப்படியே கூட வரும். ஆகவே ஏற வேண்டியதெல்லாம் அந்த எழுபது மார்க் பேப்பரிலிருந்துதான் வர வேண்டும். 70-க்கு 33 என்றால் பாதிக்கும் கீழ், இடம் தாராளமாக இருக்கிறது. கணிதத்தில் 80-க்கு 39, இன்டர்னல் 18. ஆங்கிலத்தில் 80-க்கு 60, அங்கே ஏற்றுவது கல்லில் நார் உரிக்கும் வேலை. தியரியில் ஏற்கெனவே அறுபதுக்கு மேல் வாங்கிய எழுபது மார்க் பாடத்தை இன்னும் ஏற்றப்போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

இனி எப்போது எழுதுவது. பன்னிரண்டாம் வகுப்பில் பாஸ் ஆனவர் அதே வருடம் ஜூலை சப்ளிமென்டரியில் ஒரே ஒரு பாடத்தை இம்ப்ரூவ்மென்டாக எழுதலாம். ஒன்றுக்கு மேல் வேண்டுமென்றால் அடுத்த வருடப் பிப்ரவரி மெயின் தேர்வில் எழுத வேண்டும், அதுவும் பாஸ் ஆன வருடத்துக்கு அடுத்த வருடம் மட்டும்தான், இடையில் மேற்படிப்பில் சேர்ந்திருக்கவும் கூடாது. எழுதிய பாடத்துக்கு மட்டும் தனி மார்க் ஷீட் வரும், பழையதைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்கள். ஜூலைத் தேர்வைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிறார்கள், ரிசல்ட் வரும்போது ஜோசா கவுன்சலிங் முடிந்துபோயிருக்கும் என்பதை யோசிப்பதில்லை. அந்த வருடச் சீட்டுக்கு அது உதவாது, சேர்க்கை இன்னும் திறந்திருக்கும் கல்லூரிக்கோ அடுத்த வருட முயற்சிக்கோதான் உதவும். பணம் கட்டுவதற்கு முன் இன்னொன்று: போக நினைக்கும் இடம் இம்ப்ரூவ்மென்ட் மார்க்கை ஏற்றுக்கொள்கிறதா, முதல் தடவை எடுத்ததை மட்டும்தான் பார்க்கிறதா என்பதை அந்த வருடச் சேர்க்கைக் கையேட்டில் தேடிப் படியுங்கள். சீனியர் சொன்னான் என்பது இங்கே எடுபடாது. டெல்லி பல்கலையில் பெஸ்ட் ஃபோர் என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள், 2022-ல் நுழைவுத் தேர்வு வந்து அந்தக் கதை மாறியே போனது.

பத்தாம் வகுப்பு ஆட்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம், அவர்களுக்கு 2026 முதல் வேறு ஏற்பாடு. பிப்ரவரியில் முதல் தேர்வு கட்டாயம், மே மாதம் இரண்டாவது தேர்வில் கணிதம், அறிவியல், சமூக அறிவியல், மொழிகள் இவற்றில் மூன்று வரை ஏற்றிக்கொள்ளலாம், இரண்டில் கூடியது நிற்கும். இன்டர்னல் மட்டும் ஒரே தடவைதான். பிளஸ் ஒன்னில் எந்த குரூப் கேட்கப் போகிறீர்களோ அதற்கான பாடங்களை எழுதுங்கள்.

இம்ப்ரூவ்மென்டுக்கு முன்னால் விடைத்தாளைப் பார்ப்பது ஒன்று இருக்கிறது. 2025 முதல் முதலில் விடைத்தாள் நகலை வாங்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு கூட்டல் சரிபார்ப்போ மறுமதிப்பீடோ கேட்கலாம் என்று வரிசையை மாற்றியிருக்கிறார்கள். இது உருப்படியான மாற்றம், முன்பு குருட்டாம்போக்கில் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. ஆனால் மறுமதிப்பீட்டில் மார்க் குறைந்தால் குறைந்ததுதான் செல்லும், ஒரு மார்க் ஆனாலும் சரி. விண்ணப்பிக்கச் சில நாள்தான் தருவார்கள், ரிசல்ட் சோகத்தில் அந்த நாட்கள் கரைந்துவிடும்.

எங்கள் பையன் இயற்பியல் நகலை வாங்கினான். திருத்தியதில் பெரிய தப்பில்லை, கடைசி ஐந்து மார்க் கேள்விகளில் இரண்டைத் தொடவே இல்லை என்பது மட்டும் தெரிந்தது. மறுமதிப்பீட்டை விட்டுவிட்டோம். எப்படியும் ஜேஇஇயை இன்னொரு தடவை எழுதுவதாக இருந்தான், ஆகவே பிப்ரவரியில் கணிதம், இயற்பியல் இரண்டும். இயற்பியலில் எட்டு, கணிதத்தில் பன்னிரண்டு ஏறினால் 375 சரியாக வந்துவிடும், சரியாக வந்து நிற்பதில் எனக்கு நம்பிக்கை இல்லாததால் பதினைந்து பதினைந்தாக வைத்துக்கொள் என்றேன். செப்டம்பர் வாக்கில் தனித்தேர்வர் விண்ணப்பம் திறக்கும்போது அவனே போர்டு தளத்தில் நிரப்ப வேண்டும், பள்ளி அதைச் செய்து தராது. அக்கா அதைக் காலண்டரில் செப்டம்பர் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறாள்.